முதல் கேமிங் கருவி: பெட்டி விலையும் மூன்றாண்டுக் கணக்கும்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் ஒரு பழைய வாக்குறுதி தூசி தட்டி எடுக்கப்படும். "நல்ல மார்க் எடுத்தா வாங்கித் தர்றேன்னு சொன்னீங்களேப்பா?" அப்பா மனதில் இருப்பது புது போன். பிள்ளை மனதில் இருப்பது கேம் விளையாடும் கருவி. சரி என்று கடைக்குப் போனால் அங்கே மூன்று வகை நிற்கின்றன. டிவியில் மாட்டி விளையாடும் கன்சோல் ஒன்று. கிராபிக்ஸ் கார்டு வைத்த கேமிங் பி.சி. இன்னொன்று. திரையும் பட்டன்களும் சேர்ந்தே இருக்கும் கையடக்கக் கருவி மூன்றாவது. ஒன்று நாற்பத்தைந்தாயிரம், இன்னொன்று அறுபதாயிரம், மற்றது எழுபதாயிரம். பெரும்பாலானோர் அந்த இடத்திலேயே விலைச்சீட்டைப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் இந்தப் பொருளில் விலைச்சீட்டு பாதிச் செலவைத்தான் சொல்கிறது. மீதிப் பாதி கேம்களிலும் சந்தாவிலும் திரையிலும் துணைப் பொருள்களிலும் ஒளிந்திருக்கிறது. அதையெல்லாம் மூன்று ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்தால், கடையில் பெரிதாகத் தெரிந்த விலை வித்தியாசம் ஏறக்குறைய கரைந்துபோகிறது. எப்படி என்று ஒரு வீட்டின் கணக்கை எடுத்துப் பார்ப்போம். அதற்கு முன் பணமே தேவைப்படாத ஒரு கேள்வியை முடித்துவிடலாம்.

என்ன கேம், யாரோடு?

கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து, விளையாட விரும்பும் ஐந்து கேம்களின் பெயரை எழுதச் சொல்லுங்கள். பக்கத்திலேயே அதை யாரோடு விளையாடப் போகிறான், அந்த நண்பர்கள் எந்தக் கருவியில் விளையாடுகிறார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பாதி முடிவு அந்தத் தாளிலேயே வந்துவிடும்.

பட்டியலில் பி.ஜி.எம்.ஐ., ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்று மட்டும் இருந்தால் இந்த மூன்று கருவியில் எதுவும் தேவையில்லை. அவை போனுக்காக எழுதப்பட்ட கேம்கள். அந்தப் பணத்தில் ஒரு நல்ல போன் வாங்கினால் போதும். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 இருந்தால் அது பி.சி.யில் மட்டும்தான் ஓடும். மரியோ, செல்டா என்று இருந்தால் நின்டெண்டோ கருவி தவிர வேறு வழியில்லை. சோனி நிறுவனத்தின் பெரிய கதை கேம்கள் முதலில் பிளேஸ்டேஷனில்தான் வரும். ஸ்பைடர்மேன் 2 அப்படித்தான் 2023 அக்டோபரில் பி.எஸ்.5-க்கு வந்தது; பி.சி.க்கு வர 2025 ஜனவரி ஆனது. காத்திருக்க முடிந்தவருக்குப் பி.சி.யிலும் அவற்றில் பல கிடைக்கும். ஜி.டி.ஏ. 6 கேமும் பி.எஸ்.5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கும்தான் முதலில் அறிவிக்கப்பட்டது.

அதிகம் பேர் ஏமாறுவது வாலரன்ட் கேமில். 2020-ல் பி.சி.யில் வந்த இந்தக் கேம் 2024-ல் கன்சோலுக்கும் வந்தது. எனவே, "பி.எஸ்.5-லயும் இருக்கே, வாங்கிடலாம்" என்று தோன்றும். ஆனால் கன்சோலில் விளையாடுபவரும் பி.சி.யில் விளையாடுபவரும் ஒரே ஆட்டத்தில் சேர முடியாது. வகுப்பு நண்பர்கள் ஐந்து பேரும் பி.சி.யில் இருக்க, உங்கள் பிள்ளை மட்டும் கன்சோலில் இருந்தால் அவன் முன்பின் தெரியாதவர்களோடுதான் விளையாட வேண்டியிருக்கும். ஃபோர்ட்நைட் போன்றவற்றில் இந்தத் தடை இல்லை. எந்தக் கருவியில் இருந்தாலும் சேர்ந்து விளையாடலாம். அதனால், "இந்தக் கேம் இதில் வருமா?" என்று கேட்டால் மட்டும் போதாது. "அவங்க ஆடுற இடத்துல நாமளும் சேர முடியுமா?" என்றும் கேட்க வேண்டும்.

ஒரு வீடு, மூன்று கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். திருச்சியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகன் பதினொன்றாம் வகுப்பு, மகள் எட்டாம் வகுப்பு. ஹாலில் 43 அங்குல டிவி இருக்கிறது. வீட்டில் பிராட்பேண்ட் இணைப்பு உண்டு. கம்ப்யூட்டர் இல்லை. இருவரும் சேர்ந்து விளையாட வேண்டும். மூன்று ஆண்டில் ஆறு பெரிய கேம்கள் வாங்குவார்கள். மற்றபடி இலவச கேம்களே போதும்.

கீழே வரும் தொகைகளில் கருவிகளின் விலை இந்தியாவில் அவை அறிமுகமான விலை. மற்றவை சுமாராக முழுமையாக்கிய எண்கள். பண்டிகைச் சலுகையில் குறையும், டாலர் ஏறினால் கூடும். ரேம், எஸ்.எஸ்.டி. விலை 2025 கடைசியில் இருந்தே ஏறுமுகம். ஆகவே எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். கணக்குப் போடும் முறையை எடுத்துக்கொண்டு, நீங்கள் வாங்கும் நாளின் விலையைப் பொருத்திப் பாருங்கள்.

முதலில் கன்சோல். டிஸ்க் போடும் வசதியுள்ள பி.எஸ்.5 ஸ்லிம் 2024-ல் ரூ.54,990-க்கு வந்தது. இருவர் விளையாட இரண்டாவது கன்ட்ரோலர் வேண்டும். அது ஆறாயிரம் அருகே. கடையைவிட்டு வெளியே வரும்போது 61,000 ஆகிவிடுகிறது. விலை கொடுத்து வாங்கிய கேமை இணையத்தில் மற்றவர்களோடு விளையாட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்ட வேண்டும். அதன் அடிப்படைத் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய நான்காயிரம் என்றால் மூன்று ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம். ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களுக்கு இந்தச் சந்தா தேவையில்லை. புதிதாக வெளியாகும் பெரிய கேம் ஐயாயிரம் ரூபாய் வரை போகும். ஆனால் டிஸ்க் என்பதால் பழையதாக 2,500-க்கு வாங்கி, விளையாடி முடித்ததும் 1,500-க்கு விற்றுவிடலாம். ஒரு கேமுக்குக் கையை விட்டுப் போவது ஆயிரம்தான். ஆறு கேமுக்கு ஆறாயிரம். மொத்தம் 79,000.

அடுத்து பி.சி. 1080பி திரையில் இன்றைய கேம்களை நல்ல தரத்தில் ஓட்ட, ரைசன் 5 5600 பிராசஸரும் ஆர்.எக்ஸ். 6600 போன்ற 8 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டும் 16 ஜி.பி. ரேமும் உள்ள பெட்டி போதும். உதிரியாக வாங்கிப் பூட்டினால் அறுபதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரே இல்லாத வீடு என்பதால் மானிட்டர் 9,000, கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் 3,000, யூ.பி.எஸ். 4,000. தொடக்கத்திலேயே 76,000. விண்டோஸை விலைக்கு வாங்கினால் இன்னும் கூடும். ஆனால் அதன் பிறகு செலவு மெலிந்துவிடும். இணையத்தில் சேர்ந்து விளையாடத் தனிச் சந்தா இல்லை. ஸ்டீம் கடையில் பல கேம்களுக்கு இந்தியாவுக்கென்று தனி ரூபாய் விலை உண்டு. கோடைக்கும் ஆண்டுக் கடைசிக்கும் பெரிய தள்ளுபடி வரும். எபிக் கடை 2018 கடைசியில் தொடங்கியதில் இருந்து அடிக்கடி கேம்களை இலவசமாகவே கொடுத்துவருகிறது. பொறுமையாக வாங்கினால் ஆறு கேமுக்கு ஏழாயிரம் போதும். மொத்தம் 83,000.

மூன்றாவது, பி.சி. கேம்களை ஓட்டும் கையடக்கக் கருவி. அசூஸ் ஆர்.ஓ.ஜி. ஆலை 2023-ல் ரூ.69,990-க்கு இங்கே வந்தது. உறை, கூடுதல் மெமரி கார்டு என்று மூவாயிரம். கேம்கள் அதே ஸ்டீம் கடையில் வாங்குவதால் ஏழாயிரம். மொத்தம் 80,000.

79, 83, 80. பெட்டி விலையில் எவ்வளவு தூரம் விலகி நின்றவை, மூன்று ஆண்டு முடிவில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுவிட்டன. பி.சி.யில் செலவு முன்னால் வருகிறது. கன்சோலில் பின்னால் வருகிறது. ஆகவே, "எது மலிவு?" என்று தேடுவதில் பெரிய லாபம் இல்லை. அடுத்தடுத்த மாதங்களில் வரும் சின்னச் சின்னச் செலவைத் தாங்க முடியுமா, மொத்தமாக முன்பணம் போட முடியுமா என்பதுதான் வீட்டின் உண்மையான கேள்வி.

இந்தக் கணக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. டிஸ்க் இல்லாத பி.எஸ்.5 டிஜிட்டல் அதே 2024-ல் ரூ.44,990-க்கு வந்தது. பத்தாயிரம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் அதில் கேம்களை சோனியின் இணையக் கடையில் மட்டுமே வாங்க முடியும். தள்ளுபடியில் 2,500-க்கு வாங்கினாலும் விளையாடி முடித்து விற்க முடியாது. தம்பியின் நண்பனிடம் ஒரு வாரம் இரவல் வாங்கவும் முடியாது. டிஸ்க்கில் ஆயிரம் செலவாகும் இடத்தில் இங்கே 2,500 செலவாகிறது. ஒவ்வொரு கேமுக்கும் 1,500 கூடுதல் என்றால் ஏழாவது கேமில் அந்தப் பத்தாயிரம் காலி. ஆண்டுக்கு இரண்டு கேம் வாங்குபவருக்கு டிஜிட்டல் நஷ்டமில்லை. அதற்கு மேல் வாங்குபவர் டிஸ்க் உள்ளதையே எடுக்கலாம். டிஜிட்டல் ஸ்லிம் வாங்கியவர் பிறகு டிஸ்க் டிரைவை மட்டும் தனியாக வாங்கி மாட்டவும் வழியிருக்கிறது. முதல் முறை இணைக்கும்போது இன்டர்நெட் வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே இருப்பது என்ன?

பணம் முடிவைச் சொல்லவில்லை என்றால் எது சொல்லும்? வீடுதான். திரை, இன்டர்நெட், கரன்ட் என்ற மூன்றையும் பாருங்கள்.

கன்சோலின் பெரிய லாபம், டிவி ஏற்கெனவே வீட்டில் இருப்பது. எச்.டி.எம்.ஐ. துளை உள்ள எந்த டிவியும் போதும், 4கே கட்டாயமில்லை. டிவியின் செட்டிங்கில் கேம் மோட் இருந்தால் அதைப் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் பட்டனை அழுத்தியதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் இடையே சின்னத் தாமதம் தெரியும். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: மாலை ஆறு முதல் பத்து வரை அந்த டிவி யாருடையது? பாட்டிக்கும் அம்மாவுக்கும் சீரியல், அப்பாவுக்குச் செய்தி, ஐ.பி.எல். நடக்கும் இரண்டு மாதம் எல்லோருக்கும் கிரிக்கெட். பிள்ளைக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்று நேர்மையாக எண்ணிப் பாருங்கள். தினமும் சண்டை வரும் என்று தெரிந்தால், கன்சோலுக்கென்று தனித் திரை வாங்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்டர்நெட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்று பெரிய கேம் ஒன்று நூறு ஜி.பி. அளவுக்கு இருப்பது சாதாரணம். விநாடிக்கு 40 எம்.பி. வேகம் என்று விற்கப்படும் பிராட்பேண்டில் அது இறங்க ஐந்தரை மணி நேரம் ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். ஆனால் வீட்டில் பிராட்பேண்ட் இல்லாமல், நாளுக்கு 1.5 ஜி.பி. தரும் போன் ரீசார்ஜை ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் சமாளிக்கிறீர்கள் என்றால் அதே கேமுக்கு 67 நாள் ஆகும். அப்படிப்பட்ட வீட்டில் டிஜிட்டல் கன்சோலும் பி.சி. கேமும் நடைமுறைக்கு ஒத்துவராது. டிஸ்க் ஓரளவு உதவும். ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம், டிஸ்க்கில் வாங்கினாலும் பல கேம்கள் முதல் நாளே பெரிய அப்டேட் கேட்கும். நின்டெண்டோவின் சொந்த கேம்கள் பொதுவாக அளவில் சிறியவை; பழைய ஸ்விட்சின் கார்ட்ரிட்ஜைச் செருகினால் அவற்றில் பெரும்பாலானவை அப்படியே ஓடும்.

இடக் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். மலிவான கன்சோல் என்று பேர் பெற்ற எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 2020-ல் ரூ.34,990-க்கு வந்தது. அதன் 512 ஜி.பி. சேமிப்பில் கேமுக்குக் கிடைப்பது 364 ஜி.பி. அளவுதான். மூன்று பெரிய கேம் போட்டால் நிறைந்துவிடும். நான்காவது வேண்டுமென்றால் ஒன்றை அழிக்க வேண்டும். அதில் டிஸ்க் போடும் வசதியும் கிடையாது. வேகமான பிராட்பேண்ட் உள்ள வீட்டுக்கு இது பொருட்டில்லை. இல்லாத வீட்டுக்கு மிச்சமான பணத்தைவிடத் தொல்லை பெரிது.

கரன்ட் விஷயத்தில் இரண்டு கணக்கு. முதலாவது பில். பி.எஸ்.5 பெரிய கேம் ஓடும்போது சுமார் 200 வாட் இழுக்கும். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 12 யூனிட். மேலே சொன்ன பி.சி. மானிட்டரோடு 15 யூனிட்டைத் தாண்டும். கையடக்கக் கருவிக்கு 25 வாட் அளவு என்பதால் மாதம் இரண்டு யூனிட்கூட ஆகாது. ஏற்கெனவே இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டில் மட்டும் இதைக் கவனியுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும்.

இரண்டாவது, கரன்ட் கட். விளையாடும்போது திடீரென்று அணைந்தால் சேமிக்காத ஆட்டம் போகும். கேமை இறக்கிக்கொண்டிருக்கும்போதோ அப்டேட் ஆகும்போதோ அணைந்தால் கோப்புகள் கெட்டுப்போய் மறுபடி இறக்க வேண்டிவரும். வீட்டு இன்வெர்ட்டரில் பெரும்பாலும் யூ.பி.எஸ். மோட், சாதாரண மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை யூ.பி.எஸ். மோடில் வைத்தால் மாறும் நேரம் குறைந்து கருவி அணையாமல் தப்பிக்க வாய்ப்பு அதிகம். பழைய சதுர அலை இன்வெர்ட்டர்களோடு பி.சி.யின் நல்ல பவர் சப்ளைகள் ஒத்துப்போகாமல் உறுமுவதும் அணைவதும் உண்டு. சைன் அலை இன்வெர்ட்டர்தான் பாதுகாப்பு. பேட்டரியோடு வரும் கையடக்கக் கருவிக்கு இந்தக் கவலையே இல்லை. அடிக்கடி கரன்ட் போகும் ஊரில் அது சின்ன லாபமல்ல.

'கேமிங் பி.சி.' என்ற பெயரில் விற்பது

மூன்று வகையில் ஏமாற்றுக்கு அதிக இடம் உள்ளது பி.சி.யில்தான். கன்சோல் எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரே பெட்டி. பி.சி. அப்படியல்ல, வண்ண விளக்கு வைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது பூட்டியவருக்குத்தான் தெரியும்.

"ஐ7 பிராசஸர், 16 ஜி.பி. ரேம், 4 ஜி.பி. கிராபிக்ஸ், வெறும் இருபத்தஞ்சாயிரம் சார்" என்ற விளம்பரத்தை இணையக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது அலுவலகங்களில் கழித்துக் கட்டிய பத்துப் பன்னிரண்டு வயது பிராசஸர். அந்த 4 ஜி.பி. கார்டு ஜி.டி. 730 போன்றதாக இருக்கும். அது 2014-ல் வந்த, அன்றைக்கே கேமுக்கு ஆகாத கார்டு. கார்டின் திறனை ஜி.பி. எண் சொல்லாது, மாடல் எண்தான் சொல்லும். அதே போல 'ஐ7' என்பது தலைமுறை எண் இல்லாமல் அர்த்தமற்றது. இவ்வளவு பழைய பெட்டியில் டி.பி.எம். 2.0 இருக்காது. விண்டோஸ் 11-க்கு அது தேவை; விண்டோஸ் 11-ல் வாலரன்ட் ஓடவும் தேவை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது.

எனவே முழுப் பொருள் பட்டியலையும் மாடல் எண்ணோடு எழுதி வாங்குங்கள். பிராசஸர், மதர்போர்டு, கார்டு மட்டுமல்ல, பவர் சப்ளையின் கம்பெனியும் மாடலும் அதில் இருக்க வேண்டும். கடைக்காரர்கள் முதலில் கை வைப்பது அங்கேதான். பெயர் தெரியாத மலிவான பவர் சப்ளை கெட்டால் கார்டையும் சேர்த்துக்கொண்டு போகும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடத்தில் இந்தப் பட்டியலை வைத்து நான்கு கடையில் விலை கேட்கலாம். பட்டியல் இல்லாமல் கேட்டால் நான்கு கடையும் நான்கு வேறு பெட்டிக்கு விலை சொல்லும். பூட்டி முடித்ததும் விண்டோஸ் விசையோடு R அழுத்தி `dxdiag` என்று தட்டுங்கள். பிராசஸர், ரேம், அடுத்த பக்கத்தில் கார்டின் பெயர் எல்லாம் வரும். பில்லோடு ஒத்துப்பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

மொத்தப் பணமும் இப்போது இல்லை என்றால் பி.சி.யில் ஒரு வழி இருக்கிறது. மற்ற இரண்டிலும் அது கிடையாது. ரைசன் 5 5600ஜி போன்ற, கிராபிக்ஸ் உள்ளேயே சேர்ந்த பிராசஸரை வாங்கி, தனி கார்டு இல்லாமல் தொடங்கலாம். மானிட்டரோடு சேர்த்து நாற்பத்தைந்தாயிரம் அருகில் முடித்துவிடலாம். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, ஜி.டி.ஏ. 5 எல்லாம் தரத்தைக் குறைத்து வைத்தால் விளையாடும் அளவுக்கு ஓடும். புதிய பெரிய கேம்கள் திணறும். இதில் இரண்டு நிபந்தனை. ரேமை ஒரே 16 ஜி.பி.யாக வாங்காமல் இரண்டு 8 ஜி.பி.யாக வாங்க வேண்டும். உள் கிராபிக்ஸ் ரேமையே தன் நினைவகமாகப் பயன்படுத்துவதால், இரண்டு தடம் இருந்தால் வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவு கூடும். அடுத்து, பவர் சப்ளையை முதல் நாளே 550 வாட்டாக வாங்கிவிட வேண்டும். பிறகு கார்டை மட்டும் செருகினால் வேலை முடிந்தது.

கையில் அடங்குவதன் விலை

கையடக்கக் கருவிக்குள் இருப்பது 15 முதல் 25 வாட்டுக்குள் வேலை செய்யும் சிப். 200 வாட் இழுக்கும் கன்சோல் செய்வதை இது எப்படிச் செய்கிறது? திரை சின்னது என்பதால்தான். ஸ்டீம் டெக்கின் திரையில் பத்து லட்சம் புள்ளிகள். 4கே டிவியில் எண்பத்து மூன்று லட்சம். வரைய வேண்டிய புள்ளி எட்டில் ஒரு பங்காகக் குறைவதால் சின்ன சிப்பும் தாக்குப்பிடிக்கிறது. அதே கருவியைக் கம்பி வழியாகப் பெரிய டிவியில் மாட்டினால் படம் மங்கலாகவோ ஆட்டம் தடுமாறியோ தெரிவதற்கும் இதுதான் காரணம். "டிவிலயும் போட்டுக்கலாம்" என்று விற்பனையாளர் சொல்வது பொய்யல்ல, ஆனால் அதை நம்பிக் கன்சோலுக்கு மாற்றாக இதை வாங்கக் கூடாது.

பேட்டரியை வகுத்துப் பாருங்கள். ஆர்.ஓ.ஜி. ஆலையின் முதல் மாடலில் 40 வாட்-மணி பேட்டரி. பெரிய கேம் 25 வாட் இழுத்தால் ஒன்றரை மணி நேரம். இரண்டு வாரம் ஊருக்குப் போகும் ரயிலில் விளையாடலாம் என்று கனவு காண்பவர் சார்ஜர் துளைக்குப் பக்கத்து இருக்கையையும் சேர்த்துக் கனவு காண வேண்டும். சின்ன, எளிய கேம்களுக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு நேரம் கிடைக்கும்.

எந்த இயங்குதளம் என்பதும் முக்கியம். ஆலையில் விண்டோஸ் இருப்பதால் பி.சி. கேம் எல்லாம் நிறுவலாம்; தொட்டுத் தொட்டு விண்டோஸைச் சமாளிப்பதுதான் பாடு. ஸ்டீம் டெக்கில் லினக்ஸ் அடிப்படையிலான ஸ்டீம் ஓ.எஸ். இருக்கிறது, பழகுவதற்கு எளிது. ஆனால் வாலரன்ட்டும் ஃபோர்ட்நைட்டும் அதில் ஓடாது, அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை அனுமதிப்பதில்லை. ஸ்டீம் டெக் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்பட்டதும் இல்லை.

நின்டெண்டோவின் நிலையும் அதுதான். அந்த நிறுவனம் இங்கே நேரடியாகக் கடை விரிக்கவில்லை. பர்மா பஜாரிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கும் ஸ்விட்ச் எல்லாம் வெளிநாட்டில் இருந்து வந்தவை. கருவி எந்த நாட்டினுடையதாக இருந்தாலும் கார்ட்ரிட்ஜ் ஓடும், அதில் பயமில்லை. ஆனால் ரிப்பேர் என்றால் விற்ற கடைக்காரரின் வார்த்தைதான் வாரண்டி. இணையக் கடையில் இந்தியாவுக்கெனத் தனிப் பிரிவு இல்லாததால் வேறு நாட்டுக் கணக்கு வைத்துக்கொண்டு பரிசு அட்டை மூலம் வாங்குவதே வழக்கம். மரியோ கேம்களின் விலை ஆண்டுகள் கழிந்தாலும் அதிகம் இறங்காது. அதே காரணத்தால் பழைய கார்ட்ரிட்ஜையும் நல்ல விலைக்கு விற்கலாம். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இவ்வளவு குறைகளையும் தாண்டி இது பொருந்தும்.

மலிவாகக் கிடைக்கும் இரண்டு கருவிகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிளேஸ்டேஷன் போர்ட்டல் தனியாக கேம் ஓட்டும் கருவி அல்ல. வீட்டில் உள்ள பி.எஸ்.5-ல் ஓடும் ஆட்டத்தை வைஃபை வழியாகக் காட்டும் திரை. கடைகளில் இரண்டாயிரம் ரூபாய்க்குத் தொங்கும் 'நானூறு கேம்' கருவிகளில் இருப்பது முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய கேம்கள்.

நிபந்தனை மாறினால் விடையும் மாறும்

திருச்சி வீட்டுக்குத் திரும்புவோம். கம்ப்யூட்டர் இல்லாத வீடு, மகனுக்கு இன்னும் ஓராண்டில் கல்லூரி. நண்பர்கள் பி.சி.யில் வாலரன்ட் விளையாடுகிறார்கள் என்றால் பி.சி.தான் பொருத்தம். கூடுதலாகப் போகும் நான்காயிரத்துக்குப் படிப்புக்கும் வேலைக்குமான கம்ப்யூட்டர் ஒன்று வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதே வீட்டில் ஏற்கெனவே ஒரு லேப்டாப் இருந்து, அண்ணனும் தங்கையும் சோபாவில் உட்கார்ந்து கால்பந்து விளையாடுவதுதான் ஆசை என்றால் டிஸ்க் உள்ள கன்சோல் ஜெயிக்கும். சோபாவில் இருவர் விளையாட ஒரு வேலையும் செய்யாமல் பட்டனை அழுத்தினால் போதும் என்ற சுகத்தைப் பி.சி. தராது.

மகன் விடுதிக்குப் போகிறான் என்றால் இரண்டும் சரிவராது. அங்கே கையடக்கக் கருவி அல்லது கேமிங் லேப்டாப். இன்ஜினீயரிங் படிப்பவனுக்கு எப்படியும் லேப்டாப் வேண்டும் என்பதால் இரண்டையும் ஒன்றாக முடிப்பது மிச்சம். லேப்டாப்பில் கார்டின் பெயரோடு அதற்கு எத்தனை வாட் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். ஒரே பெயருள்ள கார்டு ஒரு லேப்டாப்பில் 45 வாட்டிலும் இன்னொன்றில் 90 வாட்டிலும் ஓடலாம். இரண்டின் வேகமும் ஒன்றல்ல.

கையில் முப்பத்தைந்தாயிரம்தான் என்றால், பிராட்பேண்ட் உள்ள வீட்டுக்கு சீரிஸ் எஸ், சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்விட்ச், இல்லையென்றால் ஓரிரு மாதம் சேர்த்துவைத்து கார்டு இல்லாத பி.சி. பழைய பி.எஸ்.4 மலிவாகக் கிடைக்கும். 2013-ல் வந்த கருவி அது. புதிய பெரிய கேம்கள் அதைக் கைவிட்டுவிட்டன. பழைய கேம்களின் குவியலே போதும் என்பவர் மட்டும் வாங்கலாம். பழைய கன்சோல் எதை வாங்கினாலும் விற்பவர் முன்னாலேயே உங்கள் கணக்கில் நுழைந்து இணையத்தில் சேருங்கள். தடை செய்யப்பட்ட கருவி என்றால் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு டிஸ்க்கைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டு, எச்.டி.எம்.ஐ. கம்பியை மெல்ல அசைத்துப் பாருங்கள். படம் விட்டு விட்டு வந்தால் வாங்க வேண்டாம்.

புதிதாக வாங்கினாலும் பழையதாக வாங்கினாலும் கையிலிருக்கும் பணம் முழுவதையும் பெட்டிக்கே கொட்டிவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது கேமுக்கும் சந்தாவுக்கும் ஒதுக்கிவையுங்கள். பில்லில் கருவியின் சீரியல் எண் எழுதப்பட்டிருக்கிறதா, அது பெட்டியில் உள்ள எண்ணோடும் கருவியின் அடியில் உள்ள எண்ணோடும் ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஆறு மாதம் கழித்து சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.